சொல்லும் நாளும் சொல்லும் முறையும்

ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் ஒருவரையொருவர் விரும்பி, சேர்ந்து வாழ்வதென்று உறுதி கொண்டபின், அதைத் தத்தம் வீட்டாருக்கு எப்பொழுது, எவ்வாறு தெரிவிப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். இத்தகைய உறவு குற்றமன்று என்பதை இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் உறுதிப்படுத்திவிட்டது. ஆனால் சட்டம் ஒப்புக்கொண்டதை வீடு ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்கு இடைப்பட்ட காலத்தில் அவ்விருவரின் உடலுக்கும் உரிமைக்கும் ஊறு நேராமற் காப்பது எப்படி? இதற்கு நாம் கூறவிரும்பும் விடை ஒன்றே: வெளியேறும் வழியை முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும், சொல்வது அதன் பின்னர்தான். ஏன் இந்த வரிசை என்பதையும், அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதையும் பார்ப்போம்.

பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும், இடுக்கி மலையில் மூணாறு, மறையூர், பீர்மேடு, குமுளிப் பக்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்திற்கொண்டே நாம் பேசுகிறோம். தேயிலைத் தோட்டத்து லயங்களில் ஒரே வரிசையில் பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒரு சுவருக்கு இப்பால் உரத்துப் பேசினால் அப்பால் கேட்கும். ஆகவே அங்கே தாயிடம் மட்டும் சொன்னோம் என்பது பெரும்பாலும் நிலைப்பதில்லை; விடிவதற்குள் லயம் முழுவதும் சொன்னதாகிவிடுகிறது. மேலும் அவ்வீடு தோட்டத்து வேலையோடு சேர்ந்த வீடு. பெற்றோரோடு மனம் கசந்து வெளியே வந்தவருக்கு அதே தோட்டத்தில் வேறு இடம் கிடையாது. சமவெளிப் பகுதியிலோ நிலை வேறு. கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் பிறந்திருப்பார். அவருடைய மாமன் வீடு பொள்ளாச்சியில் இருக்கும். உறவினரின் காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு மாநிலம், வேறு காவல்துறை, வேறு உயர் நீதிமன்றம். போடிமெட்டைக் கடந்து தேனி மாவட்டத்துக்குள் இறங்கும் குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும். இவ்விரண்டு நிலைமைகளும் நமது கணக்கில் இடம்பெற வேண்டும்.

கேரளத்திலேயே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் நமக்குப் பாடமாக அமைகின்றன. முதலாவது, ஆதிலா நசரின், பாத்திமா நூரா என்னும் இருவருடையது. ஒருவர் ஆலுவாயைச் சேர்ந்தவர். மற்றவர் கோழிக்கோட்டு மாவட்டத்தவர். சவுதி அரேபியாவில் பள்ளிப் பருவத்தில் நட்பானவர்கள். 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் இருவரும் சேர்ந்து வாழ முற்பட்டபோது, நூராவை அவருடைய வீட்டார் அழைத்துச் சென்றுவிட்டனர். ஆதிலா காலம் தாழ்த்தாமல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு கொடுத்தார். நீதிபதிகள் அவர்களிடம் பேசி, வயது வந்த இருவரும் தம் விருப்பப்படி சேர்ந்து வாழலாம் என்று மே 31-ஆம் நாள் அனுமதித்தனர். பிரிவுக்கும் தீர்ப்புக்கும் இடையே கழிந்தவை சில நாட்களே.

இரண்டாவது, மலப்புரத்தைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களுடையது. 2023 ஜனவரியில் அவர்கள் வீட்டை விட்டு வந்தனர். மாஜிஸ்திரேட்டு முன் நின்று தம் விருப்பத்தைச் சொல்லி, சேர்ந்து வாழ அனுமதியும் பெற்றனர். ஆயினும் மே 30-ஆம் நாள் அவர்களுள் ஒருவரைக் குடும்பத்தார் கொண்டுபோய்விட்டனர். துணைவி ஆட்கொணர்வு மனு கொடுத்தார். குடும்பத்தார் மேலும் அவகாசம் கேட்டனர், அது கிடைத்தது. ஜூன் 19-ஆம் நாள் நீதிமன்றத்துக்கு வந்த அப்பெண், பெற்றோரோடு போவதாகவே கூறினார். பின்னர் வீட்டிலிருந்து வெளிவந்தபோது, இடையில் தம்மை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மருந்து கொடுத்ததாக அவர் தெரிவித்தார். அதன்பின் உயர் நீதிமன்றம் இருவருக்கும் காவல்துறைப் பாதுகாப்பு அளித்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குடும்பத்தார் ஒருவரைத் தம் கைக்குள் கொண்டுவந்ததற்கும், அவர் நீதிபதியின் முன் தனியே நின்று பேசுவதற்கும் இடைப்பட்ட நாட்களே அபாயமான நாட்கள். ஒரு வாரத்தில் அசையாத உறுதி மூன்று வாரங்களில் அசைந்துவிடக்கூடும். அது கோழைத்தனமன்று, தனிமையின் விளைவு. ஆகவே முன்னேற்பாடுகள் யாவும் அந்த நாட்களைக் குறைப்பதையே நோக்கமாகக் கொள்ள வேண்டும். கேரளத்திலிருந்து சென்ற மற்றொரு வழக்கில் 2024-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் இதே கருத்துப்பட நெறிகளை வகுத்தது. இத்தகைய மனுக்களை முந்தி எடுத்து விசாரிக்க வேண்டும். தடுத்து வைக்கப்பட்டவரிடம் குடும்பத்தாரும் காவலரும் இல்லாத இடத்தில் பேச வேண்டும். அவர் மனத்தை மாற்றும் எண்ணத்துடன் ஆலோசனைக்கோ பெற்றோர் பொறுப்புக்கோ அனுப்பலாகாது. விடுதலையை விரும்பினால் அப்பொழுதே விடுவிக்க வேண்டும் என்பவை அவற்றுட் சில.

இனி, சொல்வதற்கு முன் ஆயத்தமாக இருக்க வேண்டியவை எவை என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்குவோம். இது நாம் விளக்கத்திற்காகப் புனைந்துகொண்டது. ஒருத்தி மூணாற்றுப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவள், வயது 24, பொள்ளாச்சியில் ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதுகிறாள். மற்றவள் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவள்; வயது 26; கோயம்புத்தூரில் தையல் கூடமொன்றில் மேற்பார்வை செய்கிறாள். கொழிஞ்சாம்பாறை வீட்டில் தாயும், மணமான அக்காளும், கோபக்காரரான அண்ணனும் இருக்கின்றனர். இளையவளுக்குத் தைப்பொங்கலுக்குள் திருமணம் முடிக்க வேண்டுமென்று லயத்தில் பேச்சு நடக்கிறது. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்பேச்சு நின்றுவிடும் என்று அவள் நினைக்கிறாள். மூத்தவள் ஆறு மாதம் பொறுப்போம் என்கிறாள். இருவரும் அந்த ஆறு மாதத்தில் நான்கு காரியங்களைச் செய்து முடிக்கின்றனர்.

முதலாவது, ஆவணங்கள். வயதை மெய்ப்பிக்கும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவை பெரும்பாலும் தாயின் டிரங்குப் பெட்டியில் இருக்கும். இளையவள் வேலைக்கு வேண்டுமென்று சொல்லி மூலச் சான்றிதழை முன்னதாகவே எடுத்து வந்துவிடுகிறாள். ஆதாரோடு இணைந்த தொலைபேசி எண் தந்தையுடையதாக இருந்ததைத் தன் எண்ணாக மாற்றிக்கொள்கிறாள். இல்லையேல் ஆதார் தொடர்பாக வரும் ஒவ்வொரு செய்தியும் அவர் கையில் போய்ச் சேரும். கைப்பேசியில் இருப்பிடத்தைக் குடும்பத்தாருக்குக் காட்டும் ஏற்பாட்டையும் நிறுத்திவிடுகிறாள். அதைச் சொல்லும் நாளன்று திடீரென நிறுத்தாமல் பல வாரங்களுக்கு முன்னரே செய்வதால் ஐயம் எழவில்லை.

இரண்டாவது, இடமும் பணமும். கோயம்புத்தூரில் ஓர் அறையை இருவர் பெயரிலும் வாடகைக்கு எடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றனர். இருவருள் ஒருவருக்கு வேலை போனாலும் மூன்று மாத வாடகையும் சாப்பாடும் நடக்குமளவு பணம் தனித்தனிக் கணக்கில் சேர்கிறது. அந்த முகவரி வீட்டாருக்குத் தெரியாது.

மூன்றாவது, எழுத்து. இருவரும் தத்தம் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிடுகின்றனர். அதன் வாசகம் எளியது: இன்ன தேதியில் பிறந்த நான் வயது வந்தவள், என் சொந்த விருப்பப்படி இன்ன ஊரில் வாழ்கிறேன், என்னை எவரும் கடத்தவோ மயக்கவோ இல்லை, என் விருப்பத்துக்கு மாறாக நான் எங்கும் கொண்டுபோகப்பட்டால் இன்னார் என் சார்பில் நீதிமன்றத்தை நாட வேண்டுமென விரும்புகிறேன். இத்தாளும், ஒரு புகைப்படமும், வயதுச் சான்றின் நகலும், பெற்றோர், உறவினர் முகவரிகளும் சேர்ந்த உறை ஒன்று நம்பிக்கையான தோழியிடம் இருக்கிறது. ஆட்கொணர்வு மனு எழுதும் வழக்கறிஞர் முதலிற் கேட்பவை இவையே. இவற்றைத் தேடுவதில் கழியும் இரண்டு நாட்கள் மிச்சமாகின்றன.

நான்காவது, அந்தத் தோழியோடு செய்துகொள்ளும் உடன்பாடு. ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு ஓர் அழைப்பு. அழைப்பு வராவிட்டால் மறுநாள் காலை 8 மணி வரை அவள் பொறுப்பாள். அதன்பின் யாரையும் கேளாமல் வழக்கறிஞரைத் தேடுவாள். அழைப்பிலே, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி என்று கேட்டால், நான் சுதந்திரமாகப் பேசவில்லை என்று பொருள். குடும்பத்தார் கைப்பேசியைப் பிடுங்காமல் பக்கத்தில் நின்றுகொண்டே பேசச் சொல்வதுமுண்டு, அந்நிலைக்குத்தான் இச்சொல்.

இவை முடிந்தபின் சொல்லும் வரிசையைத் தீர்மானிக்கின்றனர். இரண்டு வீடுகளுக்கும் ஒரே நாளில் சொல்வதில்லை. ஒரு வீட்டில் புயல் அடித்தால் மற்றவள் வெளியே நின்று உதவ வேண்டுமல்லவா? மேலும், ஒரு வீட்டாருக்குத் தெரிந்தால் அவர்கள் மற்ற வீட்டைத் தேடிப் போவார்கள். ஆகவே இளையவளின் பெயரையும் ஊரையும் முதல் நாளில் சொல்வதில்லை என்றும் உடன்படுகின்றனர். தன் உண்மையைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு. துணைவரின் உண்மையைச் சொல்ல, துணைவரின் இசைவு வேண்டும்.

மூத்தவள் முதலில் அக்காளிடம் பேசுகிறாள். பேசுமுன் ஒரு சிறு சோதனை செய்கிறாள். செய்தித்தாளில் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி, இதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். அக்காள் வியக்கிறாள்; ஆனால் வெறுப்புடன் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்காள் வீட்டிலேயே, பகல் 11 மணிக்கு, குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும் வேளையில் தன்னைப் பற்றிச் சொல்கிறாள். ஒரு மாதம் கழிகிறது. அண்ணன் காதுக்குச் செய்தி எட்டவில்லை. அக்காளின் வாய் உறுதியானது என்று தெரிந்தபின், அதே வீட்டில், அக்காள் உடனிருக்க, தாயிடம் சொல்கிறாள். அன்று மாலைப் பேருந்திலேயே கோயம்புத்தூர் திரும்பிவிடுகிறாள். சொன்ன இரவில் அதே கூரையின்கீழ்த் தூங்குவதில்லை என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. தாய் அழுதாள், ஒரு வாரம் பேசவில்லை, எட்டாம் நாள், சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். அண்ணனிடம் எப்பொழுது சொல்வதென்று தீர்மானிப்பதைத் தாயிடமே விட்டுவிடுகின்றனர்.

லயத்து வீட்டுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே தனியிடம் இல்லை. மலையிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்து போய்விட்டால் இரவு முழுவதும் வெளியேற வழியுமில்லை. ஆகவே இளையவள் நேரில் சொல்லாமல், கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாள். அதுவும் முதற் கடிதத்தில், இப்பொழுது திருமணம் வேண்டாம், பெண் பார்க்க எவரையும் அழைக்க வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். காரணத்தைச் சொல்லாமல் மறுப்பதும் ஒரு வழியே. திருமணத்துக்கு அவளுடைய சம்மதம் வேண்டும் என்பது சட்டம். சம்மதியாமைக்குக் காரணம் காட்ட வேண்டுமென்று எச்சட்டமும் கூறவில்லை. பதிலாக வரும் கடிதத்தின் தொனியைப் பார்த்தே இரண்டாம் கடிதம் எழுதப்படும். சில ஆண்டுகளுக்கு எழுதப்படாமலே போகவும் கூடும்.

சொன்னபின் வரும் கோபத்தையும் கண்ணீரையும் அபாயமென்று எண்ணிவிடலாகாது. அவை இயல்பானவை. அபாயத்தின் அடையாளங்கள் வேறு. கைப்பேசியை வாங்கி வைத்தல்; சான்றிதழ்களைப் பூட்டுதல்; எப்பொழுதும் ஒருவர் உடன் இருத்தல்; பாட்டிக்கு உடல்நலமில்லை, உடனே வா என்ற திடீர் அழைப்பு; மந்திரவாதியிடமோ மருத்துவரிடமோ ஒரு முறை வந்துவிட்டுப் போ என்ற வற்புறுத்தல்; ஒரே வாரத்தில் மாப்பிள்ளை வீடு வருகிறதென்ற செய்தி. இவற்றுள் இரண்டு சேர்ந்து தோன்றினால், வீட்டிலிருப்பவர் பகலிலேயே வெளியேறிவிட வேண்டும். வெளியிலிருப்பவர் வீட்டுக்குப் போகலாகாது. பாட்டியின் உடல்நிலையை அக்கம்பக்கத்தாரிடமோ மருத்துவமனையிலோ விசாரித்தறிவது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் காரியம்.

வெளியேறியபின் குடும்பத்தார் காணாமற் போனதாகக் காவல் நிலையத்தில் முறையிடுவது வழக்கம். அதற்கு அஞ்சி ஒளிந்தால் வழக்கு கடத்தலாக வளரக்கூடும். மேலே சொன்ன வாக்குமூலத்தின் நகலைத் தம் ஊர்க் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் காவல் தலைவருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்வது நல்லது. காவலர் மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுபோனால் அஞ்ச வேண்டியதில்லை. உறவினர் அருகில் இல்லாமல் பேச வேண்டுமென்று கேட்டு, தம் வயதையும், விருப்பத்தையும், போக விரும்பும் இடத்தையும் மூன்று தெளிவான வாக்கியங்களிற் சொன்னால் போதும். மாநில எல்லையைக் கடந்துவிட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் மற்றொரு துணையும் உண்டு. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், வயது வந்தவர்களின் இசைவான உறவென்று தெரிந்ததும் காவலர் அவர்களைத் துன்புறுத்தாமல் முறையீட்டை முடித்துவிட வேண்டுமென்று கட்டளையிட்டது.

ஒருவரைப் பிடித்துச் சென்றுவிட்டால், எந்த மாநிலத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே முதற் கேள்வி. கேரளத்துக்குள் என்றால் எர்ணாகுளத்திலுள்ள உயர் நீதிமன்றம். பொள்ளாச்சியிலோ உடுமலைப்பேட்டையிலோ என்றால் சென்னை. போடி, கம்பம் முதலிய தேனி மாவட்டத்து ஊர்கள் என்றால் மதுரைக் கிளை. இதற்காகவே தோழியிடமுள்ள உறையில் இரு மாநிலத்து உறவினர் முகவரிகளும் இருக்க வேண்டும் என்றோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெற உரிமையுண்டு. 15100 என்ற எண்ணில் அதைக் கேட்கலாம். உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181. கேரளத்தில் சகயாத்ரிகா, குயிரள ஆகிய அமைப்புகளும், சென்னையில் ஓரினம் என்ற குழுவும் இத்தகையவர்களுக்காகப் பணியாற்றி வருகின்றன.

மருத்துவமனை என்ற பேச்சு வரும்போது தெரிந்திருக்க வேண்டியது இது. தன்பாலின ஈர்ப்பு நோயன்று என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் அறிவித்தது. அதை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, ஒருவரை அவர் இசைவின்றி உள்நோயாளியாகச் சேர்க்க இரண்டு வல்லுநர் தனித்தனியே சோதித்து, கடுமையான மனநோய் உண்டென்று கூற வேண்டும். சேர்க்கப்பட்டவர் மனநல மறுஆய்வுக் குழுவிடம் முறையிடலாம். தாயின் மன நிறைவுக்காக ஒரு மருத்துவரைப் பார்க்க இசைந்தாலும், மருத்துவரைத் தாமே தேர்ந்து, புறநோயாளியாக, தோழி வெளியிற் காத்திருக்கப் போவதே தக்கது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. இருவருள் ஒருவர் 18 வயது நிறையாதவராயின், மேற்கூறிய சட்டத் துணை பெரும்பாலும் பயன்படாது. பெற்றோரே சட்டப்படி காப்பாளர். மூத்தவர்மீது போக்சோ வழக்கும் வரலாம். இளையவரின் சம்மதம் அதற்கு விடையாகாது. அவர்கள் சொல்லாமல் காத்திருப்பதே நலம். வீட்டில் அடி உதை இருந்தால் 1098 என்ற எண்ணை நாடலாம். வயது வந்தோருக்கும் திருமணப் பதிவு என்ற வழி இல்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை வழங்க மறுத்துவிட்டது. ஆகவே வாடகை ஒப்பந்தமும், கைப்பட எழுதிய வாக்குமூலமும், வங்கிக் கணக்கில் குறித்த வாரிசுப் பெயருமே அவர்கள் உறவுக்கு எழுத்துச் சான்றாக நிற்கும்.

கடைசியாக, சொல்லாமலிருப்பது பொய்யாகுமோ என்று வருந்துவோர் பலர். பெற்றோரை மதிக்கும் பிள்ளைகளுக்கே இவ்வருத்தம் மிகுதி. வீட்டார் எதைத் தாங்குவர் என்பதைவிட, சொன்ன அன்று இரவு நாம் எங்கே தூங்குவோம் என்பதை முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குத் தெளிவான விடை இருக்கும் நாளே சொல்லத் தகுந்த நாள். விடை இல்லாத வரையில் மௌனம் குற்றமாகாது.